கீமோவுக்குப் பின் இரண்டாவது வாரம்: இரத்த அணுக்கள் மிகவும் குறையும் நாட்களைக் குடும்பம் திட்டமிடுவது எப்படி?

கீமோதெரபி எடுத்துக்கொண்டவருக்கு முதல் வாரம்தான் கடினமானது என்று பெரும்பாலான குடும்பங்கள் நினைக்கின்றன. குமட்டல், வாந்தி, நாவில் ருசியின்மை, எழுந்து நடக்க முடியாத களைப்பு ஆகியவை அந்த வாரத்தில்தான் வருகின்றன என்பதால், வீட்டில் உள்ளவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடனிருப்பதும் அப்போதுதான். எட்டாம் நாள் வாக்கில் பசி திரும்பி முகம் தெளிந்ததும், உடனிருந்தவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார். அதுவரை வரவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்த உறவினர்கள் பார்க்க வருகிறார்கள். இரத்த அணுக்களின் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடுவதோ அதே நாட்களில்தான். மருத்துவர்கள் 'நேடிர்' என்று குறிப்பிடும் இந்தக் காலத்தை நோயாளியின் முகத்தைப் பார்த்து அறிய முடியாது. நாட்களை எண்ணித்தான் அறிய முடியும். எனவே மூன்று வாரத்துக்கு ஒரு முறை தரப்படும் கீமோவை அடிப்படையாக வைத்து, அந்த நாட்களை எப்படிக் கணக்கிடுவது, எப்படி ஏற்பாடு செய்வது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். இரத்தப் புற்றுநோய்க்கான தீவிர சிகிச்சையிலும் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையிலும் அணுக்கள் வாரக்கணக்கில் குறைந்தே இருக்கும். அவற்றுக்கான ஏற்பாடுகள் வேறு.

ஏன் ஒரு வாரம் கழித்து?

கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்களை உருவாக்கும் இளம் செல்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஏற்கெனவே முதிர்ந்து மஜ்ஜையில் இருப்பாக வைக்கப்பட்டிருக்கும் அணுக்களை மருந்து அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதால், முதல் சில நாட்களுக்கு அந்த இருப்பே இரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. இருப்பு தீர்ந்த பிறகுதான், இடையில் உற்பத்தி நின்றுபோனது இரத்தத்தில் தெரியவருகிறது.

கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு, இரத்தத்தில் ஒரு நாள்கூட முழுமையாக நிலைப்பதில்லை. அதனால் வரத்து நின்றவுடன் அதன் எண்ணிக்கை சரிகிறது. பிளேட்லெட்டுகள் 7 முதல் 10 நாட்கள் வரை வாழ்வதால் சற்றுத் தாமதித்துக் குறைகின்றன. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், ஹீமோகுளோபின் ஒரே சுற்றில் சட்டென்று விழாமல், சுற்றுக்குச் சுற்று மெதுவாக இறங்குகிறது. இந்த மூன்றில், சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வைப்பது பெரும்பாலும் நியூட்ரோஃபில் குறைவுதான் என்பதால், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதல் படி: நாட்காட்டியில் குறித்தல்

கீமோ ஏற்றப்பட்ட நாளை முதல் நாளாகக் கொள்ளுங்கள். சில மருத்துவமனைகளில் அதைப் பூஜ்ய நாள் என்று எண்ணுவதும் உண்டு; உங்கள் மருத்துவக் குழு எப்படி எண்ணுகிறது என்பதைக் கேட்டு அதையே பின்பற்றினால் தொலைபேசியில் பேசும்போது குழப்பம் வராது. மூன்று வாரச் சுழற்சியில் தரப்படும் பல மருந்துகளுக்கு 7 முதல் 14 ஆம் நாள் வரை அணுக்கள் குறைந்திருக்கும்; 21 ஆம் நாளுக்குள் பெரும்பாலும் மீண்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைத் தொடர்ந்து பார்ப்போம். மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரு மருந்துகளையும் சேர்த்துப் பெறும் 52 வயதுப் பெண் ஒருவருக்கு, மாதத்தின் 2 ஆம் தேதி, திங்கட்கிழமை, முதல் சுற்று தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஆம் தேதி அவருக்கு ஏழாம் நாள். 15 ஆம் தேதி பதினான்காம் நாள். அடுத்த சுற்று 22 ஆம் நாளான 23 ஆம் தேதி, திங்கட்கிழமை. அவருடைய மகள் 8 முதல் 15 வரை சிவப்பிலும், அணுக்கள் மீண்டுவரும் 16 முதல் 19 வரை மஞ்சளிலும் குறித்துவிட்டு, 20 முதல் 22 வரை உள்ள நாட்களைப் பச்சையில் விடுகிறார். அந்த நாட்காட்டி அறைக் கதவில் ஒட்டப்பட்டிருப்பது நல்லது. ஒருவருடைய கைப்பேசிக்குள் மட்டும் இருக்குமானால், அவர் வீட்டில் இல்லாத இரவில் அது யாருக்கும் உதவாது.

இந்தக் கணக்கு எல்லா மருந்துகளுக்கும் பொருந்தாது. டோசிடாக்செல் தரப்பட்டவருக்கு அடிமட்டம் ஏழெட்டு நாட்களிலேயே வந்துவிடலாம். கார்போபிளாட்டினில் பிளேட்லெட்டுகள் மூன்றாவது வாரத்தில் மிகவும் குறையக்கூடும். மூளைக் கட்டிகளுக்குத் தரப்படும் லோமஸ்டின் போன்ற மருந்துகளில் அது நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே வருகிறது. வாரந்தோறும் சிறு அளவில் மருந்து பெறுபவர்களுக்குத் தெளிவான ஒரு பள்ளம் இல்லாமல், எண்ணிக்கை தொடர்ந்து சற்றுத் தாழ்ந்தே இருக்கலாம். ஆகவே முதல் சுற்று முடிந்து வீடு திரும்புமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இந்த மருந்துக் கூட்டுக்கு அணுக்கள் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை மிகவும் குறைந்திருக்கும்?" விடையைத் தேதிகளாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அறிக்கையைச் சரியாகப் படித்தல்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் மொத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதோ பயப்படுவதோ தவறாகலாம். பார்க்க வேண்டியது நியூட்ரோஃபில்களின் தனி எண்ணிக்கை. அறிக்கையில் அது தனியாகத் தரப்படவில்லை என்றால், மொத்த வெள்ளை அணுக்களை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் கிடைத்துவிடும். 'பேண்ட்' என்ற இளம் நியூட்ரோஃபில்களின் சதவீதம் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் முன்னதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒருவருக்கு மொத்தம் 1,900, நியூட்ரோஃபில் 70 சதவீதம் என்றால் எண்ணிக்கை 1,330. இன்னொருவருக்கு மொத்தம் 2,400, ஆனால் நியூட்ரோஃபில் 18 சதவீதம் மட்டுமே என்றால் எண்ணிக்கை 432. மொத்தக் கணக்கில் மேலே இருப்பவர்தான் உண்மையில் அதிக ஆபத்தில் இருக்கிறார். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,500க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 1,000க்குக் கீழே இறங்கினால் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. 500க்குக் கீழே சென்றால் அது கடுமையான குறைவு. சில ஆய்வகங்கள் 2,400 என்பதை 2.4 என்று அச்சிடுவதால் அலகைக் கவனித்துப் படியுங்கள்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வழக்கமான பரிசோதனை அடுத்த சுற்றுக்கு ஓரிரு நாள் முன்புதான் எடுக்கப்படுகிறது. அப்போது அணுக்கள் மீண்டிருக்கும். அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, 'இவருக்கு அணுக்கள் குறையவே இல்லை' என்று முடிவு செய்வது, பள்ளத்தைத் தாண்டி ஏறிய பிறகு பள்ளமே இல்லை என்று சொல்வதாகும். முதல் சுற்றின் நடுவில் ஒரு பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை; வயது முதிர்ந்தவர்களுக்கும், சிறுநீரக அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் பயனளிக்கக்கூடும்.

மூன்றாம் படி: சிவப்பு நாட்களுக்கு ஆட்களை ஒதுக்குதல்

குடும்பத்தின் விடுப்பு நாட்களை முதல் வாரத்திலேயே தீர்த்துவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் வாரத்தில் பகலில் ஒருவர் உதவிக்கு இருந்தால் பெரும்பாலும் போதும். இரண்டாவது வாரத்திலோ, அவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருந்தாலும், இரவில் தனியாக இருக்கக் கூடாது. நள்ளிரவில் குளிர் நடுக்கம் வந்தால், வெப்பமானியைத் தேடி எடுக்கவும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் கணவர் முதல் வாரத்திலும், மகள் 8 முதல் 15 வரையிலும் பொறுப்பேற்கிறார்கள். மகளுக்கே சளியோ காய்ச்சலோ வந்துவிட்டால் அவர் இடத்தை யார் எடுத்துக்கொள்வது என்பதையும் முன்பே முடிவு செய்து, பக்கத்து ஊரில் உள்ள சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்த மாதம் 14 ஆம் தேதி நெருங்கிய உறவில் ஒரு திருமணம். அது அவருக்குப் பதின்மூன்றாம் நாள். இத்தகைய சூழ்நிலையில் கீமோவைத் தள்ளிப்போட முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. நோயை முற்றிலும் குணமாக்கும் நோக்கத்துடன் தரப்படும் சிகிச்சையில், நிகழ்ச்சிகளுக்காகச் சுற்றுகளைத் தள்ளுவதை மருத்துவர்கள் பொதுவாக விரும்புவதில்லை என்றாலும், முன்கூட்டியே சொன்னால் ஓரிரு நாள் நகர்த்த இடம் இருக்கலாம். சிகிச்சை தொடங்கிய பிறகு தேதியை நீங்களாக மாற்றாதீர்கள். இந்தக் குடும்பம், அவர் கூட்டத்துக்குள் செல்வதைத் தவிர்த்து, மணமக்களைப் பச்சை நாளான 21 ஆம் தேதி வீட்டுக்கு வரச் சொல்கிறது. பல் பிடுங்குதல், தள்ளிப்போடக்கூடிய சிறு அறுவை சிகிச்சைகள், நீண்ட பயணம் ஆகியவற்றையும் இப்படியே பச்சை நாட்களுக்கு மாற்றுங்கள். பல் சிகிச்சைக்கு முன் புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதலும் புதிய இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

பார்க்க வருகிறவர்களிடம் பேசும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நோயாளியே 'வராதீர்கள்' என்று சொல்ல நேர்வது அவருக்குச் சங்கடம். பெரும்பாலும் சொல்லவும் மாட்டார். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள யாரும் சிவப்பு நாட்களில் வரக் கூடாது; மற்றவர்கள் ஓரிருவராக வந்து, கைகளைச் சோப்பால் கழுவிவிட்டுச் சற்று நேரம் இருந்துவிட்டுப் போகலாம். வீட்டில் யாருக்காவது அம்மை கண்டிருந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

நான்காம் படி: உடலுக்குள்ளேயே இருக்கும் கிருமிகள்

இந்த நாட்களில் வரும் தொற்றுகளில் பெரும்பகுதி வெளியாரிடமிருந்து வருவதில்லை. நோயாளியின் சொந்த வாயிலும் குடலிலும் தோலிலும் எப்போதும் குடியிருக்கும் கிருமிகளே, காவல் குறைந்த நேரத்தில் புண்கள் வழியாக இரத்தத்துக்குள் நுழைகின்றன. காய்ச்சல் வந்துவிட்டால், 'நான்தான் அவரை உள்ளே விட்டேன்' என்று உடனிருப்பவர் தம்மைக் குற்றம் சொல்லிக்கொள்வதைப் பல வீடுகளில் காண்கிறோம். பெரும்பாலும் அதற்குக் காரணமே இல்லை. வாயிலைக் காப்பதோடு, வாயையும் தோலையும் மலவாயையும் காப்பதில் அதே அளவு கவனம் வைக்க வேண்டும்.

வாய்ப்புண் வரும் நாட்களும் அணுக்கள் குறையும் நாட்களும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. மிக மென்மையான பிரஷ்ஷால் ஒரு நாளில் இரு முறையாவது துலக்கி, ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். ஆல்கஹால் கலந்த வாய் கழுவும் திரவங்கள் எரிச்சலையும் வறட்சியையும் கூட்டும். மலச்சிக்கல் வந்தால் முக்கும்போது ஏற்படும் சிறு வெடிப்பே கிருமிகளுக்கு வழியாகிவிடும் என்பதால், மலத்தை இளக்கும் மருந்தை மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். எனிமாவோ ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரையோ இந்த நாட்களில் கூடாது. கழுத்திலோ கையிலோ மருந்து ஏற்றும் குழாய் பொருத்தப்பட்டிருந்தால், அதன் வாய்ப்பகுதி சிவந்திருக்கிறதா, வலிக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள். நியூட்ரோஃபில்கள் இல்லாதபோது சீழ் கட்டுவதில்லை. வீக்கமும் குறைவாகவே தெரியும். ஆகவே லேசான சிவப்பும் வலியும்கூடப் பொருட்படுத்த வேண்டியவையே.

உணவில் அளவுக்கு மீறிய தடைகள் தேவையில்லை. பச்சைக் காய்களையும் பழங்களையும் முற்றிலும் விலக்கும் கட்டுப்பாடான உணவுமுறை தொற்றைக் குறைக்கிறது என்பதை ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. உங்கள் மருத்துவமனை வேறு விதமாகச் சொன்னால் அதன்படி நடந்துகொள்ளுங்கள். நன்கு வேகாத இறைச்சி, மீன், முட்டை, காய்ச்சாத பால், நெடுநேரம் வெளியில் இருந்த உணவு ஆகியவற்றைத் தவிர்த்து, பழங்களை ஓடும் நீரில் நன்றாகக் கழுவித் தந்தால் போதும். செடிகளுக்கு மண் கிளறுவதையும் வளர்ப்புப் பிராணிகளின் கழிவை அகற்றுவதையும் வேறு யாராவது செய்யட்டும்.

ஐந்தாம் படி: காய்ச்சலுக்கான திட்டம்

வேறு எந்தப் படியைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். முதல் சிவப்பு நாளுக்கு முன்பே, இயங்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றும், இரவிலும் யாராவது எடுக்கும் மருத்துவமனைத் தொலைபேசி எண்ணும், மருந்துகளின் பெயர், கடைசியாகக் கீமோ தரப்பட்ட தேதி, ஒவ்வாமை ஆகியவை எழுதிய ஒரு தாளும், அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வண்டியும் தயாராக இருக்க வேண்டும். கீமோ தரும் இடத்தில் இரவில் அவசரச் சிகிச்சை இல்லையென்றால் எங்கே செல்வது என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வெப்பத்தை நாக்குக்கு அடியில் வைத்து அளப்பது நல்லது. சூடாகவோ குளிர்ச்சியாகவோ ஏதாவது பருகியிருந்தால் 15 நிமிடமாவது காத்திருந்து அளக்க வேண்டும். அக்குளில் அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். ஆசனவாயில் அளக்கவே கூடாது. பெரும்பாலான மருத்துவமனைகள் வைத்திருக்கும் எல்லை 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். அதைத் தொட்டால், மணி எதுவானாலும், உடனே அழைக்க வேண்டும். சில மருத்துவமனைகள் இதைவிடச் சற்றுக் குறைந்த அளவைச் சொல்வதுண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட எண்ணையே நாட்காட்டியின் மேல் பெரிதாக எழுதுங்கள்.

பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் இந்தக் காலத்தில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும். தொற்று தொடர்ந்து பரவிக்கொண்டிருக்கும். உடல்வலிக்காகக் கொடுக்க நேர்ந்தாலும், வெப்பத்தை அளந்து குறித்து, மருத்துவக் குழுவிடம் கேட்ட பிறகே கொடுங்கள். வாந்தியைத் தடுக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் காய்ச்சலை மறைக்கக்கூடும். காய்ச்சலே இல்லாமல், குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், தலைசுற்றல், சிறுநீர் குறைதல், பேச்சில் குழப்பம், திடீர்ச் சோர்வு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தோன்றினாலும், குறிப்பாக முதியவர்களிடம், அதைக் காய்ச்சலைப் போலவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில், 12 ஆம் தேதி, பதினோராம் நாள். பகல் முழுதும் அவர் நன்றாகவே இருந்து, மாலையில் சிறிது நேரம் வாசலில் நடக்கவும் செய்தார். இரவு 9 மணிக்கு உடல் சிலிர்க்கிறது என்று போர்வை கேட்கிறார், வெப்பமானி 37.6 காட்டுகிறது. மகள் மாத்திரை எதுவும் தராமல், மருத்துவமனையை அழைத்துச் சிலிர்ப்பைத் தெரிவிக்கிறார். ஒரு பையை எடுத்து வைத்துவிட்டு அரை மணி நேரத்தில் மீண்டும் அளக்கச் சொல்கிறார்கள். இப்போது 38.2. மீண்டும் அழைத்து அவர் சொல்வது இவ்வளவுதான்: "அம்மாவுக்கு 2 ஆம் தேதி கீமோ கொடுத்தீர்கள், இன்று பதினோராம் நாள். காய்ச்சல் 38.2, குளிர் நடுக்கமும் இருக்கிறது. பாராசிட்டமால் கொடுக்கவில்லை. கிளம்பி வருகிறோம்."

அவசரப் பிரிவில் நுழைந்ததும், 'கீமோ நோயாளி, அணுக்கள் குறையும் நாள், காய்ச்சல்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்; சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைக்கப்பட்டால், தயங்காமல் திரும்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த 60 நிமிடங்களுக்குள் நரம்பு வழியாக முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதே பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் இலக்கு. கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இரத்தம் எடுத்ததும், முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்கப்படும். இவருக்கு நியூட்ரோஃபில் 210 என்று அறிக்கை வருகிறது. சேர்த்துக்கொண்டு சிகிச்சை அளிக்கிறார்கள்; மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது, எண்ணிக்கை 500ஐத் தாண்டி ஏறத் தொடங்குகிறது, பிறகு வீடு திரும்புகிறார். பல நேரங்களில் எந்தக் கிருமி என்பது கடைசிவரை கண்டுபிடிக்கப்படாமலே போகும். அதனால் வந்தது தொற்றில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம்.

பிளேட்லெட் குறைந்தால்

இதே நாட்களில் பிளேட்லெட்டும் குறையலாம். தோலில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள், காரணமின்றிக் கன்றிப்போன இடங்கள், ஈறிலிருந்தோ மூக்கிலிருந்தோ நிற்காத இரத்தம், கருநிற மலம், திடீரென்று வரும் கடும் தலைவலி ஆகியவை உடனே தெரிவிக்க வேண்டிய அறிகுறிகள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் தர வேண்டாம். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால், நீங்களாக நிறுத்தாமல் முதலிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். இரத்தக் கசிவு எதுவும் இல்லாதவருக்குப் பொதுவாக 10,000க்குக் கீழே இறங்கும்போதுதான் பிளேட்லெட் ஏற்றுகிறார்கள் என்பதால், 60,000 என்ற எண்ணைக் கண்டு இரத்த தானம் செய்பவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்த சுற்றுக்கு நாட்காட்டியைத் திருத்துதல்

காய்ச்சலோடு அணுக்கள் குறையும் ஆபத்து முதல் சுற்றில்தான் மிகுதி. ஆனால் முதல் சுற்றில் அது வந்துவிட்டவருக்கு, ஏற்பாடு எதையும் மாற்றாவிட்டால், மீண்டும் வர வாய்ப்புண்டு. எனவே அடுத்த சுற்றுக்கு முன் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கலாம், அல்லது மஜ்ஜையைத் தூண்டும் ஊசியைச் சேர்க்கலாம். ஃபில்கிராஸ்டிம் என்றால் நாள்தோறும் சில நாட்களுக்கும், பெக்ஃபில்கிராஸ்டிம் என்றால் சுற்றுக்கு ஒரு முறையும் போடப்படும். இரண்டுமே கீமோ முடிந்து 24 மணி நேரமாவது கழிந்த பின்னரே. ஊசி போட்ட நாட்களில் இடுப்பிலும் முதுகிலும் கால் எலும்புகளிலும் வலி வரலாம். அது மஜ்ஜை வேலை செய்வதால் வருவது. அதற்கு எந்த வலி மாத்திரை தரலாம் என்பதை முன்பே கேட்டு வையுங்கள், ஏனெனில் அது காய்ச்சலை மறைக்கும் மாத்திரையாகவும் இருக்கக்கூடும்.

இந்த ஊசியோடு அணுக்கள் குறையும் காலம் சுருங்குகிறது, அடிமட்டமும் சில நாட்கள் முன்னதாகவே வரலாம். ஊசி போட்ட தொடக்கத்தில் வெள்ளை அணுக்கள் சட்டென்று உயர்ந்து பிறகு குறைவதும் உண்டு. ஆகவே இரண்டாம் சுற்றின் சிவப்பு நாட்களைப் பழைய நாட்காட்டியிலிருந்து அப்படியே எடுத்து எழுதாமல், மருத்துவரிடம் மறுபடி கேட்டுக் குறியுங்கள். 23 ஆம் தேதி பரிசோதனையில் நியூட்ரோஃபில் போதுமான அளவு மீளவில்லை என்றால் (பல சிகிச்சைகளில் 1,500 நியூட்ரோஃபில், 1,00,000 பிளேட்லெட் என்று எல்லை வைக்கிறார்கள்) சுற்று ஒரு வாரம் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போனால், சிவப்பு நாட்களும், மகளின் விடுப்பும், சித்தியின் வருகையும் கீமோ உண்மையில் ஏற்றப்படும் தேதியிலிருந்து புதிதாக எண்ணப்பட வேண்டும். கதவில் ஒட்டியிருக்கும் பழைய தாளை அன்றே கிழித்துவிடுங்கள்.